உரைமருந்து, வசம்பு, கிரைப் வாட்டர்: கைக்குழந்தை வயித்துக்கு எது சரி, எது வேண்டாம்? (நீண்ட த்ரெட்)

1/
போன மாசம் ஒரு நைட் டியூட்டி. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஒரு பாட்டி கைல துணியில சுத்தின குழந்தை, பின்னாடியே குழந்தையோட அம்மா. பையன் பொறந்து 47 நாள். பாட்டி சொன்ன முதல் வார்த்தை: "ரெண்டு நாளா ஒரே அழுகை டாக்டரம்மா. இன்னிக்குத்தான் நல்லாத் தூங்கறான். ஆனா பாலுக்கு எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கறான்."

இந்தக் கடைசி வரி இருக்கே, குழந்தைகளைப் பாக்கற எந்த டாக்டருக்கும் அதைக் கேட்டதும் தூக்கம் போயிடும்.

2/
பிரிச்சுப் பாத்தேன். காய்ச்சல் இல்லை. மூச்சு சீரா இருந்துச்சு. ஆனா கை கால் துவண்டு கிடந்தது. உள்ளங்காலில் சுண்டினா ஒரு நல்ல குழந்தை வீல்னு கத்தணும். இவன் லேசா முனகிட்டு மறுபடி கண்ணை மூடிக்கிட்டான். சாயங்காலத்துக்கு அப்புறம் பால் குடிக்கலை. சர்க்கரை பாத்தா 44. குளுக்கோமீட்டரில் 44ன்னா இந்த வயசுக்குக் கம்மி. எடை 4.2 கிலோ. ஊசி போட்டு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 8 மில்லி மெதுவா ஏத்தினோம். சர்க்கரை ஏறிச்சு. குழந்தை கொஞ்சம் அசைஞ்சான், முழுசா முழிக்கலை.

3/
ஒன்றரை மாசக் குழந்தை இப்படித் துவண்டு கிடந்தா எங்க மண்டைக்குள்ள ஓடற பட்டியல் பயங்கரமானது. ரத்தத்தில் கிருமி, மூளைக்காய்ச்சல், தலையில் அடி, வலிப்பு, ஏதாவது உள்ள கொடுத்தது. இத்தனை சின்னக் குழந்தைக்குப் பெரிய தொற்று இருந்தாலும் காய்ச்சலே வராம இருக்கலாம். அதனால காய்ச்சல் இல்லைங்கறது ஆறுதல் இல்லை.

"வாய்க்கு ஏதாவது குடுத்தீங்களா?"ன்னு கேட்டேன். "தாய்ப்பால் மட்டும்தான்"னு பாட்டி சொன்னாங்க. அம்மா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

4/
இங்க ஒரு விஷயம். நாங்க திட்டுவோம்னு பயந்துதான் மறைக்கறீங்க. அந்த பயத்துக்கு எங்க பக்கமும் காரணம் இருக்கு, திட்டியிருக்கோம். அன்னிக்கு குரலைத் தாழ்த்தி மறுபடி கேட்டேன். "பாட்டி, நான் கோவப்பட மாட்டேன். நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் எந்த மருந்து ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணணும்."

அப்பதான் வந்துச்சு. ரெண்டு நாளைக்கு முன்னாடி 45-ஆம் நாள் ஊசி போட்டிருக்காங்க. அன்னிலேர்ந்து அழுகை. வயித்து வலின்னு நினைச்சு உரைமருந்து. எப்பவும் குளிப்பாட்டற நாள்ல ஜாதிக்காய் ரெண்டு இழைப்புதான். அன்னிக்கு சாயங்காலம் ஒரு தடவை, அழுகை நிக்கலைன்னு எட்டு மணிக்கு இன்னொரு தடவை, "நல்லா உரைச்சு", கூடவே வசம்பு. தாய்ப்பாலில் கலந்து சங்குல ஊத்தியிருக்காங்க.

5/
இப்ப என் நிலைமையை யோசிங்க. ஜாதிக்காய் மயக்கம்தான், தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்னு நான் வீட்டுக்கு அனுப்ப முடியுமா? முடியாது. அது மூளைக்காய்ச்சலா இருந்தா விடியறதுக்குள்ள குழந்தை கைவிட்டுப் போயிடும். முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் போட்டு, 108 வரவழைச்சு, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்க ரத்தம் எடுத்து கல்ச்சர் போட்டாங்க. முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தாங்க. 4.2 கிலோ குழந்தைக்கு.

மறுநாள் சாயங்காலம் முழிச்சுப் பால் குடிச்சிருக்கான். நீரும் ரத்தமும் சுத்தம்னு ரிப்போர்ட் வந்தது. நாலாம் நாள் வீட்டுக்கு.

6/
ஜாதிக்காயாலதான் ஆச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. அதுக்கு எங்ககிட்ட டெஸ்ட் கிடையாது. ஆனா இந்த த்ரெட்டை எழுதக் காரணமே அதுதான்.

பேச முடியாத குழந்தைக்கு இருக்கற மொழி ரெண்டே ரெண்டு: அழுகை, பால் குடிக்கறது. இந்த ரெண்டையும் மாத்தற எதையாவது வாயில ஊத்திட்டா, குழந்தை நோயில் கிடக்கா, மருந்து மயக்கத்தில் கிடக்கான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "நல்லாத் தூங்கறான்"னு நீங்க நிம்மதியா இருந்த அந்த நாலஞ்சு மணி நேரம் நிஜமாவே நோயா இருந்திருந்தா?

7/
சரி, குழந்தை ஏன் அழுவுது? முதல்ல இதைத் தெளிவா வச்சுக்கலாம்.

பொறந்து ரெண்டு வாரத்தில் அழுகை கூட ஆரம்பிக்கும். ஆறாவது வாரம் வாக்கில் உச்சம். மூணு, நாலு மாசத்தில் தானா அடங்கிடும். பெரும்பாலும் சாயங்காலம் விளக்கு வைக்கற நேரத்தில் ஆரம்பிக்கும். முகம் சிவக்கும், காலை மடக்கும், கையை முறுக்கும், காத்து பிரியும். நல்லா எடை ஏறற, நல்லாப் பால் குடிக்கற குழந்தை ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல, வாரத்தில் 3 நாளுக்கு மேல இப்படி அழுதா 'கோலிக்'னு சொல்றோம். 1954-லேர்ந்து டாக்டர்கள் இந்த மூணு கணக்கைத்தான் சொல்லிட்டு வர்றாங்க.

8/
காலை மடக்கறதால நாம வயித்து வலின்னு முடிவு பண்ணிடறோம். ஆனா எந்த வலிக்கு அழுதாலும், பசிக்கு அழுதாலும், ஊசி போட்ட இடம் வலிச்சாலும் இந்த வயசுக் குழந்தை காலை மடக்கித்தான் அழும். அழும்போது காத்தை விழுங்கும், அதனால வயிறு உப்பும். பல நேரம் அழுததால காத்து, காத்தால அழுகை இல்லை.

இந்தப் பையன் விஷயத்தில் ரெண்டும் சேர்ந்து வந்துச்சு. ஆறாவது வார உச்சம், கூடவே ஊசி போட்ட வலி. பென்டா ஊசிக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் சிணுங்கறது சகஜம். அதுக்கு நர்ஸம்மா எடை பாத்துச் சொல்லிக் கொடுத்த அளவு பாரசிட்டமால் சொட்டு மருந்தே போதும். அந்த பாட்டில் வீட்டில் பிரிக்காமலே இருந்திருக்கு. "இங்கிலீஷ் மருந்து எதுக்கு, சூடு"ன்னு.

9/
"ஆனா டாக்டர், உரைமருந்து குடுத்தா நிஜமாவே அழுகை நிக்குதே?"

நிக்கும். மூணு காரணம். ஒண்ணு, கோலிக் அழுகை எப்படியும் ஒரு மணி, ரெண்டு மணி நேரத்தில் அடங்கற சுபாவம். உச்சத்தில் இருக்கறப்ப எதைக் கொடுத்தாலும் அதுக்கு அப்புறம் குறையத்தான் செய்யும். ரெண்டு, இனிப்பு. பச்சைக் குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணி பட்டா சில நிமிஷம் அழுகை நிஜமாவே நிக்கும். குதிகாலில் ரத்தம் எடுக்கறப்ப வலி தெரியாம இருக்க நாங்களே ஆஸ்பத்திரியில் இதைச் செய்வோம். மூணு, மயக்கம். மூணாவதுதான் ஆபத்து.

10/
இப்ப ஒவ்வொண்ணா பாக்கலாம். முதல்ல உரைமருந்து.

வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும். சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு இதெல்லாம் பொதுவா இருக்கும். சந்தனக்கல் மாதிரி ஒரு கல், கொஞ்சம் தண்ணி இல்லைன்னா தாய்ப்பால், ஒவ்வொண்ணையும் ஒண்ணு ரெண்டு இழைப்பு. இதை உருவாக்கினவங்க முட்டாள் இல்லை. அந்தக் காலத்தில் குழந்தையைக் காப்பாத்த கையில் இருந்தது அவ்வளவுதான். 'இழைப்பு'ங்கற கணக்கே அளவு அதிகமாகக் கூடாதுன்னு வச்சதுதான்.

பிரச்சினை அந்தக் கணக்கிலேயே இருக்கு.

11/
ஒரு இழைப்புன்னா எவ்வளவு? காய் எவ்வளவு காஞ்சது, கல் எவ்வளவு சொரசொரப்பு, கை எவ்வளவு அழுத்தம், எல்லாத்தையும் பொறுத்து மாறும். பாட்டி கையில ரெண்டு இழைப்பும் நம்ம கையில ரெண்டு இழைப்பும் ஒண்ணில்லை. குழந்தை அழ அழ நமக்கே தெரியாம கை அழுத்தும்.

ஜாதிக்காயில் மிரிஸ்டிசின்னு ஒரு பொருள் இருக்கு. அது மூளையில வேலை செய்யற பொருள். பெரியவங்களே அளவு மீறிச் சாப்பிட்டா மயக்கம், குழப்பம், வேகமான நாடித்துடிப்புன்னு ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. 60 கிலோ உடம்புக்கே அப்படின்னா 4 கிலோ உடம்பு? அதோட கல்லீரல் இன்னும் முழுசா வேலைக்கு வரலை. மருந்தை உடைச்சு வெளியே தள்ள நேரம் ஆகும்.

கடுக்காய் பேதியைக் கிளப்பும். பெரியவங்களுக்குத் தொந்தரவு, கைக்குழந்தைக்கு நீர்ச்சத்து போயிடும்.

12/
இன்னொண்ணு, யாரும் பேசாத விஷயம்: கல்லும் தண்ணியும். அந்தக் கல் அடுப்படி மூலையில் இருக்கும். காய்கள் ஒரு டப்பாவில் மாசக்கணக்கா இருக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். உரைச்சுட்டுக் கழுவி அப்படியே வச்சுடுவோம். இதைத்தான் பிறந்ததிலிருந்து தாய்ப்பால் தவிர எதையுமே பாக்காத ஒரு குடலுக்குள்ள ஊத்தறோம். உரைமருந்து கொடுத்த மறுநாள் பச்சையா பேதி போகுதுன்னு வர்ற குழந்தைகள்ல காய் குற்றமா கல் குற்றமான்னு பிரிக்கவே முடியாது. சங்கும் அப்படித்தான். அந்த வளைவுக்குள்ள விரல் போகாது, பால் காஞ்சு ஒட்டியிருக்கும்.

13/
வசம்பு. நம்ம ஊர்ல இதுக்குப் பேரே பிள்ளை வளர்ப்பான். ராத்திரி நேரத்தில் பேரைச் சொல்லக்கூடாதுன்னு 'பேர் சொல்லாதது'ம்பாங்க. அவ்வளவு மரியாதை. அதனாலேயே இதைப் பத்திப் பேசினா எனக்குத்தான் திட்டு விழும். பரவாயில்லை.

வசம்பு எண்ணெயில் பீட்டா-அசரோன்னு ஒரு பொருள் இருக்கு. நம்ம நாட்டு வசம்பில் இது இருக்கு. எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பாத்தப்ப குடலில் கட்டி வந்தது. அதனால அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டாங்க. ஒரு தடவை நாக்கில் தடவினதால கேன்சர் வந்துடும்னு நான் சொல்லலை, யாரும் பயப்பட வேண்டாம். உடனடியா நாங்க பாக்கறது வாந்தியும் மந்தமும்தான். ஆனா அழுகையை நிறுத்தறதுக்கு, தானா நிக்கப்போற ஒரு அழுகைக்கு, இந்தப் பொருள் எதுக்கு?

14/
"சுட்டு, கரியாக்கித்தானே குடுக்கறோம்?" எவ்வளவு சுட்டா எவ்வளவு போகும்னு வீட்டு விளக்கில் யாராலும் அளக்க முடியாது.

சுட்ட வசம்பை விளக்கெண்ணெயில் குழைச்சுத் தொப்புளைச் சுத்திப் பத்து போடறது? பிறந்த குழந்தைக்குக் கொடி விழற வரைக்கும் தொப்புள்ல எதுவும் வைக்காதீங்க. புண் ஆறினதுக்கு அப்புறம், தோல்ல அரிப்பு, சிவப்பு இல்லைன்னா, வயித்து மேல போடறதை நான் சண்டை போட்டுத் தடுக்கறதில்லை. கையில கட்டற வசம்பு வளையல் மட்டும் கழட்டிடுங்க. மூணு மாசத்தில் குழந்தை கையை வாயில வைக்க ஆரம்பிச்சுடும். நூல் அறுந்தா அந்தத் துண்டு நேரா தொண்டைக்கு.

15/
அடுத்து கிரைப் வாட்டர். "உனக்கும் இதைத்தான் குடுத்தேன்"னு அம்மா மகளுக்குச் சொல்ற விளம்பரத்தோட வளர்ந்த தலைமுறை நாம. இதை நம்ம ஊர்ப் பாரம்பரியம்னே பலர் நினைக்கறாங்க. கிடையாது. 1851-ல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் ஊர்ல வில்லியம் உட்வர்டுங்கற மருந்துக்காரர் செஞ்சது. அதில் இருந்தது சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, அப்புறம் ஆல்கஹால். ஆமா, சாராயம்தான். 3.6 சதவீதம் அளவுக்கு. கிட்டத்தட்ட ஒரு லைட் பீர். பல தலைமுறைக் குழந்தைங்க ஏன் 'அமைதியா' தூங்கினாங்கன்னு இப்பப் புரியுதா? பிரிட்டனில் ஆல்கஹாலை எடுத்தது 1992-ல்தான்.

16/
இப்ப கடையில் கிடைக்கற பாட்டில்ல பெரும்பாலும் 'ஆல்கஹால் இல்லை'ன்னு போட்டிருக்கும். மிச்சம் இருக்கறது சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, இனிப்பு. இது கோலிக்கைக் குறைக்கும்னு உறுதியா காட்டின நல்ல ஆய்வு இல்லை. இனிப்பு நாக்கில் பட்டு சில நிமிஷம் அழுகை நிக்கும், அவ்வளவுதான்.

பெரிய விஷமா? இல்லை. ஒரு ஸ்பூன் கொடுத்துட்டீங்கன்னா நைட்ல என்னைத் தேடி ஓடி வர வேண்டாம். ஆனா தேவையா? அதுவும் இல்லை. திறந்த பாட்டிலை ஜன்னல்ல வச்சு வாரக்கணக்கில் அதே ஸ்பூனில் ஊத்தறோம். ஃபேக்டரியில் இருந்து வர்றப்பவே கெட்டுப்போனதும் உண்டு: 2007-ல் அமெரிக்காவில் விற்ற ஒரு கிரைப் வாட்டரில் பேதியை உண்டாக்கற கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணி இருந்ததா அந்த நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரிச்சது.

17/
மெடிக்கல் ஷாப் 'கோலிக் டிராப்ஸ்'. இங்கதான் ரெண்டு பேரைக் கண்டிப்பா ஞாபகம் வச்சுக்கங்க.

சிமெதிகோன்: இது ரத்தத்தில் கலக்காது, குடலில் காத்துக் குமிழியை உடைச்சுட்டு அப்படியே மலத்தில் போயிடும். சொன்ன அளவில் கொடுத்தா ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. ஆனா வெறும் சொட்டு மருந்தோட ஒப்பிட்டுப் பாத்தப்ப கோலிக்குக்குப் பெரிசா வித்தியாசம் தெரியலை.

டைசைக்ளோமின்: இது குடல் தசையைத் தளர்த்தற மருந்து. ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கற குழந்தைக்குக் கூடவே கூடாது. மூச்சு நின்னு போனது, வலிப்பு வந்தது எல்லாம் பதிவாகியிருக்கு. சில சொட்டு மருந்துகள்ல ரெண்டும் கலந்தே வரும். "அழுவுதுன்னேன், கடைக்காரர் குடுத்தார்"ங்கற மருந்தை ஊத்தறதுக்கு முன்னாடி பாட்டில்ல இந்தப் பேர் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஊத்தாதீங்க.

18/
மத்ததெல்லாம் சுருக்கமா.

தேன்: ஒரு வயசு வரைக்கும் ஒரு சொட்டு கூட வேண்டாம். சேனை வைக்கறதும் சேர்த்துத்தான். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியோட விதை குழந்தை குடலில் முளைச்சு, உடம்பையே தளர வைக்கற விஷத்தைச் சுரக்கும். சூடு பண்ணினாலும் அந்த விதை சாகாது.

விளக்கெண்ணெய் வாயில, மூக்கில விடறது: வேண்டவே வேண்டாம். எண்ணெய் புரையேறினா இருமல் கூட வராம நேரா நுரையீரலுக்குப் போகும். வாரக்கணக்கில் ஆறாத நிமோனியா வரும்.

பெருங்காயம்: வயித்து மேல தடவினா சரி. வாயில கொடுத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாம குழந்தை நீலமாகிப்போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கு.

ஓமத் தண்ணி, சோம்புத் தண்ணி, சர்க்கரைத் தண்ணி: ஆறு மாசம் வரைக்கும் வேண்டாம். வயித்தை நிரப்பிப் பாலைக் குறைக்கும்.

19/
'நாலு நாளா வெளிக்குப் போகலை'ங்கறதுதான் பாதி வீட்டில் உரைமருந்துக்கு ஆரம்பம். தாய்ப்பால் மட்டும் குடிக்கற குழந்தை ஆறு வாரத்துக்கு அப்புறம் அஞ்சு நாள், ஒரு வாரம் கூட போகாம இருக்கலாம். போறப்ப பசை மாதிரி இளக்கமா போனா, வயிறு உப்பாம, நல்லாக் குடிச்சா, அது மலச்சிக்கல் இல்லை. முக்கி முக்கி முகம் சிவக்கறதும் அப்படித்தான். முக்கும்போது ஆசனவாயைத் தளர்த்தணும்னு அதுக்கு இன்னும் தெரியலை, கத்துக்கிட்டிருக்கு.

வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தொட்டு விடறது, சோப்புத் துண்டு வைக்கறது எல்லாம் அந்தப் பாடத்தைக் கெடுக்கும். உள்ளே கீறலும் விழும். ஆனா பிறந்த முதல் ஒரு நாளிலேயே காட்டுமலம் போகாம தாமதமாச்சுன்னாலோ, வயிறு உப்பிச்சுன்னாலோ அது வேற கதை. டாக்டர்கிட்ட வாங்க.

20/
அப்ப என்னதான் செய்யறது? என் விதி ஒண்ணே ஒண்ணு: வயித்துக்கு மேல செய்யறது எல்லாம் சரி, வாய்க்குள்ள போறது தாய்ப்பால் மட்டும்.

அழுதா வரிசையாப் பாருங்க. பால் குடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு? துணி ஈரமா? புழுக்கமா, குளிரா? கை கால் விரல் ஒவ்வொண்ணாப் பாருங்க. தலைமுடி ஒண்ணு விரலைச் சுத்தி இறுக்கியிருக்கும், யாருக்கும் தெரியாது, குழந்தை மட்டும் கத்தும்.

அப்புறம் தோள்ல போட்டுத் தட்டுங்க. மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தடவுங்க. தேங்காயெண்ணெய் உள்ளங்கையில தேய்ச்சு, தொப்புளைச் சுத்தி கடிகாரம் சுத்தற திசையில மெதுவா வட்டம் போடுங்க. ரெண்டு காலையும் சைக்கிள் மிதிக்கற மாதிரி மாத்தி மாத்தி மடக்குங்க. வெதுவெதுப்பான குளியல், தூளியில் நீங்க பக்கத்தில் இருந்து ஆட்டறது, நெஞ்சோட அணைச்சு நடக்கறது. எதுவும் பத்து நிமிஷத்தில் மாயம் பண்ணாது. ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க.

21/
அம்மாவுக்கு ஒரு வார்த்தை. ரெண்டு மணி நேரம் அழுகையைக் கேட்டா யாருக்கும் கோவம் வரும். அது உங்க குணக்கேடு இல்லை. குழந்தையை வேற ஒருத்தர் கையில குடுத்துட்டு வெளிய போங்க. யாரும் இல்லைன்னா பாயில் மல்லாக்கப் படுக்க வச்சுட்டு பத்து நிமிஷம் தள்ளி உக்காருங்க. அழறதால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கோவத்தில் குலுக்கினா மூளையில ரத்தம் கசியும்.

22/
இதெல்லாம் இருந்தா தடவிக்கிட்டு உக்காராதீங்க, எந்நேரமா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க:

பச்சை நிறத்தில் வாந்தி (குடல் முறுக்கா இருக்கலாம், மணிக்கணக்குதான் அவகாசம்). மலத்தில் ரத்தம். மூணு மாசத்துக்குள்ள 100.4க்கு மேல காய்ச்சல், இல்லைன்னா உடம்பு ஜில்லுனு இருக்கறது. ரெண்டு வேளை தொடர்ந்து பால் மறுக்கறது. எழுப்பினா எந்திரிக்காதது. உச்சிக்குழி புடைச்சு நிக்கறது. அடிவயித்தில், விதைப் பக்கத்தில் வீக்கம். வயிறு கல்லு மாதிரி இருக்கறது. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவா சிறுநீர். எப்பவும் அழற அழுகை இல்லாம கீச்சுனு புது மாதிரி அழுகை.

இதில் எதுவுமே 'வாயு' இல்லை.

23/
ஏற்கனவே ஏதாவது கொடுத்துட்டீங்களா? குற்ற உணர்ச்சி வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். குழந்தை எப்பவும் போல முழிச்சுப் பால் குடிச்சா பாத்துக்கிட்டு இருங்க. மந்தமா இருந்தா கிளம்பி வாங்க. வர்றப்ப அந்தக் காயோ பாட்டிலோ கையோட எடுத்துட்டு வாங்க. என்ன கொடுத்தீங்க, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, இந்த மூணையும் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அந்த ராத்திரி எனக்குக் கடைசியில கிடைச்ச தகவல் முதல்லயே கிடைச்சிருந்தா மெடிக்கல் காலேஜ் டாக்டருக்கு போன்லயே சொல்லியிருப்பேன். ஒரு அரை மணி நேரம் மிச்சம். அது சில குழந்தைகளுக்குப் பெரிய அரை மணி நேரம்.

24/
போன வாரம் 75-ஆம் நாள் ஊசிக்கு அதே பாட்டி வந்தாங்க. பையன் 5 கிலோ தாண்டியிருக்கான். என்னைப் பாத்துச் சிரிச்சான். மருமகள் சொன்னாங்க, "சாயங்காலம் அழுதா அத்தைதான் வயித்துல எண்ணெய் தடவி காலை மடக்கி விடறாங்க. என் கைக்கு அடங்க மாட்டான், அவங்க கைக்கு அடங்கிடறான்."

பாட்டி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா கேட்டாங்க: "என் மாமியா குடுத்த கல்லு டாக்டரம்மா. நாலு புள்ளைங்களை அதுலதான் வளத்தேன். அது தப்புங்கறீங்களா?"

"கல்லு தப்பு இல்லை பாட்டி. நாலு பிள்ளையும் வளர்ந்தது உங்க கையால. அந்தக் கையைத்தான் இப்பவும் கேக்கறேன், காயை மட்டும் விட்டுடுங்க"ன்னு சொன்னேன். ஊசி போட்டதும் பையன் கத்தினான். பாட்டி தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, நர்ஸம்மாகிட்ட போய், "அந்த சொட்டு மருந்து எத்தனை சொட்டுன்னு இன்னொரு தடவை சொல்லும்மா"ன்னு கேட்டாங்க.

25/
வீட்டில் ஆறு மாசத்துக்குக் கீழ குழந்தை இருக்கறவங்களுக்கு, முக்கியமா அந்த வீட்டுப் பாட்டிக்கு, இதைப் படிச்சுக் காட்டுங்க. இது பொதுவான தகவல்தான். உங்க குழந்தையைப் பத்தி சந்தேகம்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரில் காட்டுங்க. போட்டோ அனுப்பி என்கிட்ட மருந்து கேக்காதீங்க, குழந்தையைத் தொட்டுப் பாக்காம நான் சொல்ல மாட்டேன்.